தினம் ஒரு படம், ஒரு வருடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமரா வாங்காமல், கையில் இருக்கும் போனிலேயே ஒரு வருடம் ஓட்ட முடியுமா?

முடியும். நான் திருச்சி உறையூரில் இதைச் செய்தபோது கையில் இருந்தது நான்கு வருடப் பழைய போன். ஒரு படம் நன்றாக வராமல் போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. எங்கே நின்றோம், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, படச் சட்டத்துக்குள் எதைச் சேர்த்தோம், எந்த நொடியில் அழுத்தினோம். விலை கூடிய கேமரா இவற்றில் எதையும் நமக்காகச் செய்யாது.

ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க 1x என்று திரையில் காட்டும் முதன்மை லென்ஸ் மட்டும்தான். ஜூம் கிடையாது, அகலக்கோண லென்ஸும் கிடையாது. பெரிதாக வேண்டுமென்றால் இரண்டு அடி முன்னால் போக வேண்டும், இடம் போதவில்லை என்றால் பின்னால் வர வேண்டும். லென்ஸை மாற்றிக்கொண்டே இருந்தால், ஒரு லென்ஸ் உலகத்தை எப்படிப் பார்க்கிறது என்று கண்ணுக்குப் பழகவே பழகாது.

பழகியிருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய பயிற்சி உண்டு. போனைப் பையிலிருந்து எடுக்காமலே, படத்தின் இடது ஓரம் எங்கே முடியும், வலது ஓரம் எங்கே முடியும் என்று மனதுக்குள் குறித்துக்கொள்ளுங்கள். "இடது பக்கம் அந்த மின்கம்பம், வலது பக்கம் அந்த ஜன்னலின் பாதி" என்பது போல. அப்புறம் போனைத் தூக்கிச் சரிபாருங்கள். முதல் வாரத்தில் எனக்கு ஒரு முழு ஜன்னல் அகலத்துக்குத் தவறியது. மூன்றாவது மாதத்தில் ஏறக்குறைய சரியாகவே சொல்ல முடிந்தது. அதிலிருந்து, போனைத் தூக்கி அலைந்து தேடுவது நின்றுபோய், நின்ற இடத்திலேயே படத்தைப் பார்த்துவிட்டு அதற்கான இடத்துக்கு நடந்து போகத் தொடங்கினேன்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு க்ளிக்தானா?

இல்லை. எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றை அன்றிரவே, தூங்கப் போகும் முன் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். பயிற்சியில் பாதி இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. ஒரே காட்சியின் ஏழு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, மூன்றாவதில் அந்த ஆளின் தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்திருப்பதும், ஐந்தாவதில் அவர் ஓர் அடி நகர்ந்ததும் அது தீர்ந்துபோனதும் தெரியும். எடுக்கும் நேரத்தில் இது கண்ணில் படுவதில்லை.

தேர்ந்தெடுத்ததும் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். ஏன் இந்தப் படம் என்று ஒரு வரி, இதில் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரு வரி. "நல்லா இருக்கு" என்று எழுதினால் பயனில்லை. "தாத்தாவின் கை மட்டும் வெயிலில் இருக்கிறது, முகம் நிழலில், ஆனால் வலது மூலையில் நீல வாளி கண்ணை இழுக்கிறது" என்று எழுதினால், அடுத்த நாள் மூலைகளைப் பார்க்கத் தோன்றும்.

நியூயார்க்கில் வாழ்ந்த ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 மார்ச் 31 முதல் 1997 அக்டோபர் 25 அன்று இறக்கும்வரை நாளுக்கு ஒரு போலராய்டு படம் என்று எடுத்து வந்தார். அந்தக் கேமராவில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு தாள் செலவாகும். நமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால், இரவுத் தேர்வுதான் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. நாளுக்குப் பதினைந்து படத்துக்கு மேல் போனால் தேர்வு சோர்வாகிவிடும் என்பது என் அனுபவம்.

தினமும் அதே வீடு, அதே தெரு. பத்து நாளில் எடுக்க ஒன்றும் இருக்காதே?

பத்து நாளில் தீர்ந்துபோவது பொருட்கள்தான். அவற்றின் மேல் விழும் வெளிச்சம் வருடம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். இந்தப் பழக்கத்துக்கு ஒரு வருடம் என்று கணக்கு வைப்பதற்கு என்னைப் பொறுத்தவரை இதுவே காரணம்.

எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து, நாள் முழுக்கத் தெற்குப் பக்கமாகவே போய்விடும். திண்ணையில் ஒரு துளி நேர் வெயில் விழாது. எல்லாமே மென்மையான, நிழல் தெரியாத வெளிச்சம். முகங்களை எடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஜூனிலோ சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. அப்போது காலை ஏழு மணிக்கு அதே திண்ணையில் வெயில் சாய்வாக நுழைந்து, சுவரின் சுண்ணாம்புச் சொரசொரப்பைக்கூட எடுத்துக் காட்டும். ஆறு மாதமாக வெறும் சுவராக இருந்தது, ஜூனில் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது.

திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். நேராக நிற்கும் குழாயின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அந்த நேரத்தில் ஆட்களை எடுத்தால் கண்குழிகள் கருத்துப்போகும். ஆனால் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓட்டு விளிம்பின் நிழல் நெடுநீளமாக வழிந்து இறங்கும். இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழுவதைப் பார்க்கலாம். பள்ளியில் படித்த இந்த விஷயம் எனக்கு உண்மையாகப் புரிந்தது, வாசலில் தினமும் நின்று படம் எடுத்த பிறகுதான்.

செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் யோசஃப் சுடெக், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940-இல் தொடங்கிப் பல வருடங்கள் பிராக் நகரில் தன் ஸ்டுடியோவின் ஜன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் படியும் பனி, நீர்த்துளி, வெளியே ஒரு வளைந்த மரம். அவ்வளவுதான் அவருடைய பொருட்கள்.

ஆகவே வீட்டிலோ தெருவிலோ ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, மாதம் ஒரு முறையாவது அதே இடத்தில், அதே மணிக்கு, அதே தூரத்திலிருந்து எடுங்கள். மற்ற நாட்களில் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

"வெளிச்சத்தைப் பார்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படித்தான் பார்ப்பது?

கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். விரல் முட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்ற இடத்தில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்போது முட்டிகள் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் வரும்போது ஒவ்வொரு முட்டிக்கும் ஒரு பக்கம் நிழல் சேர்ந்து, கை உருண்டு திரண்டு தெரியும். எதிரில் வரும்போது கையின் நடுப்பகுதி கருத்து, ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளிக் கோடு ஓடும்.

அடுத்ததாக நிழலின் ஓரத்தைப் பாருங்கள். கத்தியால் வெட்டியது போல இருந்தால் வெளிச்சம் சிறிய இடத்திலிருந்து வருகிறது: வெயில், தனி பல்பு. நிழல் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கரைந்தால் பெரிய இடத்திலிருந்து வருகிறது: மேகமூட்டமான வானம், வெள்ளைச் சுவர், திறந்த வாசல். படம் எடுக்காத நேரத்திலும் பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில், மருத்துவமனை வரிசையில் எதிரே இருப்பவரின் மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். முதல் மாதம் முழுக்க இது ஒன்றையே செய்தாலும் போதும்.

ஒரு படத்தை எப்படித் திருத்தித் திருத்தி எடுத்தீர்கள் என்று ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

எங்கள் தெருமுனை டீக்கடையில், மாஸ்டர் டீ ஆற்றும்போது எழும் ஆவியை எடுக்க எனக்குப் பதினோரு காலைகள் ஆயின.

கடை மூலையில் இருக்கிறது. வடக்கே ரோடு, கிழக்கே ஒரு சந்து. முதல் நாள், வாடிக்கையாளர் நிற்கும் இடத்திலேயே ரோட்டில் நின்று எடுத்தேன். மாஸ்டர் இருந்தார், கிளாஸ் இருந்தது, ஆவி மட்டும் இல்லை. நேரில் அவ்வளவு பொங்கி எழுந்தது படத்தில் எங்கே போனது என்று இரண்டு நாள் புரியவில்லை. போனில் குறை என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் நோட்டில் எழுதும்போதுதான் காரணம் பிடிபட்டது. ஆவி என்பது பொடிப்பொடியான நீர்த்துளிகள். அவற்றின் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் அவை நம் பக்கம் ஒளிர்ந்து தெரியும். அப்படித் தெரிவதற்குப் பின்னணி இருட்டாகவும் இருக்க வேண்டும். நான் நின்ற இடத்தில் மாஸ்டருக்குப் பின்னால் வெள்ளை டைல்ஸ் சுவர். வெள்ளைக்கு முன்னால் வெள்ளை எப்படித் தெரியும்?

நான்காம் நாள் கடைக்குள் மேற்குப் பக்க பெஞ்சுக்குப் போய், கிழக்கே சந்தைப் பார்த்து நின்றேன். சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுச் சுவர். காலையில் சூரியன் அந்தச் சுவருக்குப் பின்னால் எழுவதால், எங்களைப் பார்த்த அதன் முகம் முழு நிழலில் கருத்திருந்தது. சூரியன் சுவரைத் தாண்டி மேலே வந்த கணத்தில், ஆவி பஞ்சு போல எரிந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நேரம் குறைவு. சுவரைத் தாண்டிய சூரியனைக் கடையின் தார்ப்பாய் மறைப்பதற்குள் சுமார் இருபது நிமிடம்தான்.

ஐந்தாம், ஆறாம் நாள் படங்கள் வெளிறிப் புகை மூட்டமாக இருந்தன. சூரியன் நேராக லென்ஸில் அடித்தது ஒரு காரணம், லென்ஸில் இருந்த விரல் பிசுக்கு இன்னொரு காரணம். வேட்டி நுனியில் துடைத்தேன். அரை அடி நகர்ந்து, தார்ப்பாயைத் தாங்கும் கம்புக்குப் பின்னால் சூரியனை ஒளித்தேன். படம் தெளிந்தது.

அடுத்த சிக்கல் போனின் நல்லெண்ணம். சட்டத்துக்குள் இருட்டு அதிகம் இருப்பதைப் பார்த்து, அது எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கியது. கருஞ்சுவர் சாம்பல் நிறமானது, ஆவி வெறும் வெள்ளைத் திட்டானது. ஆவியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைப் பூட்டி, கீழே இழுத்துக் குறைத்தேன். சுவர் மறுபடி கருத்தது, ஆவியில் இழை இழையாக வடிவம் வந்தது.

எட்டாம் நாளிலிருந்து பிரச்சினை நேரம் மட்டுமே. மேல் கை உச்சிக்குப் போய், டீ ஒரே நீளக் கயிறாக இறங்கும் நொடி வேண்டும். கை உச்சியில் இருப்பதைப் பார்த்துவிட்டு அழுத்தினால், படத்தில் கை இறங்கத் தொடங்கியிருக்கும். அவர் ஆற்றும் தாளத்தை எண்ணினேன். மூன்றாவது ஆற்றலில்தான் கை மிக உயரம் போகும். கை ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தினால் சரியாக வந்தது.

பத்தாம் நாள் எல்லாம் கூடி வந்தும், இடது ஓரத்தில் பிஸ்கட் பாட்டிலின் சிவப்பு மூடி இருந்தது. பதினோராம் நாள் இடது காலை ஓர் அடி முன்னால் வைத்தேன். மூடி மாஸ்டரின் முழங்கைக்குப் பின்னால் மறைந்தது. அந்தப் படத்தை அச்சுப் போட்டு அவருக்குக் கொடுத்தேன். பால் சட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்.

போனில் எதையெல்லாம் மாற்றி வைக்க வேண்டும்?

கட்டக் கோடுகளைப் போட்டுவிடுங்கள், சாய்ந்த அடிவானமும் சாய்ந்த கதவும் உடனே தெரியும். முகத்தை மழமழப்பாக்கும் பியூட்டி வசதியை அணைத்துவிடுங்கள். ஹெச்.டி.ஆர். அணைக்க முடிந்தால், நிழலை நிழலாகவே வைக்க நினைக்கும் படங்களுக்கு மட்டும் அணையுங்கள். நிழல் முழுவதையும் அது தூக்கிப் பிடித்துவிடுவதால், பக்க வெளிச்சத்தில் நாம் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த உருட்சி போய்விடும். இதற்கு மேல் அமைப்புகளில் நேரம் செலவிட வேண்டாம்.

வேலை முடிந்து வீடு வரும்போது இருட்டிவிடுகிறது. அப்போது என்ன செய்வது?

நம் ஊரில் சூரியன் மறைந்து ஏறக்குறைய இருபது நிமிடத்தில் இருள் வந்துவிடும். அந்த இடைவேளையில் வானத்தின் நீலமும் கடை விளக்கின் மஞ்சளும் ஒரே அளவு பிரகாசத்துக்கு வரும் சில நிமிடங்கள் உண்டு. அதற்கு முன்னால் விளக்கு மங்கலாக இருக்கும், பின்னால் வானம் வெறும் கருப்பாகிவிடும். பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரம் அதோடு ஒத்துப்போனால் விட்டுவிடாதீர்கள்.

முழுக்க இருட்டிய பிறகு, ஒரே ஒரு விளக்கைத் தேடுங்கள். இஸ்திரி வண்டியின் பல்பு, பூக்கடை விளக்கு, திறந்த ஃபிரிட்ஜ். ஒற்றை விளக்கு இருக்கும் இடத்தில் வெளிச்சத்தின் திசையைப் படிப்பது பகலைவிட எளிது. விளக்குக்கு இரண்டடிக்குள் முகம் இருந்தால் போன் தாங்கும். பத்தடி தள்ளிப் போனால் படம் கூழாகிவிடும். இரவு மோடில் போன் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குகிறது, அதனால் அசையாத பொருளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால்?

தேதியை எழுதி, காலியாக விடுங்கள். மறுநாள் இரண்டு எடுத்து ஈடுகட்ட வேண்டாம். எனக்கு அந்த வருடத்தில் பதினான்கு நாள் விட்டுப்போனது, அதில் ஆறு நாள் ஒரே காய்ச்சலில். நள்ளிரவு பதினொன்றே முக்காலுக்குச் செருப்பை எடுத்து வைத்த படங்கள் அதைவிட அதிகம் உண்டு. அவையும் கிடக்கட்டும், எந்தக் கிழமைகளில் அப்படி ஆகிறது என்று பார்த்தால், எந்த நாட்களில் காலையிலேயே எடுத்துவிட வேண்டும் என்று தெரியும். எனக்குச் செவ்வாயும் வியாழனும்.

தெருவில் ஆட்களை எடுக்கலாமா? திட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

கேட்டுவிட்டு எடுங்கள். "அண்ணே, இந்த வெளிச்சம் நல்லா இருக்கு, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். உடனே விறைப்பாக நின்று போஸ் கொடுப்பார்கள், அதையும் ஒன்று எடுங்கள். பிறகு அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தால் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். அப்போது வருவதுதான் நமக்கு வேண்டியது. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். 1x லென்ஸில் ஒரு முகத்தை ஓரடிக்குள் போய் எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும், அது அவருக்கும் பிடிக்காது. நாலைந்து அடி தள்ளி நின்று, அவருடைய கையும் வேலையும் சேர்ந்து வரும்படி எடுங்கள்.

கண் தேறியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாதக் கடைசியில் அந்த முப்பது படங்களையும் சிறியதாக அச்சுப் போட்டுத் தரையில் பரப்புங்கள். செலவு வேண்டாமென்றால் ஒரே திரையில் முப்பதும் தெரியும்படி சின்னதாக்கிப் பாருங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாத பழக்கம், கூட்டமாகப் பார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

என் முதல் மாதத்து 31 படங்களில் 22 படங்கள், நின்ற உயரத்திலேயே, பொருளை நட்டநடுவில் வைத்து எடுத்தவை. எனக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த மாதம் முழுக்க உட்கார்ந்துதான் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தபோது, பின்னணியில் இருந்த தரை மறைந்து வானமும் சுவரும் வந்தன. குழந்தைகளும் நாய்களும் என்னை மேலே நிமிர்ந்து பார்ப்பது நின்றது. மூன்றாம் மாதத்துக் குறை வேறு: பின்னணியில் ஏதாவது ஒரு பிளாஸ்டிக் நிறம். இப்படி ஒரு மாதத்துக் குறையே அடுத்த மாதத்துப் பாடமாகிவிடும், வெளியிலிருந்து பாடத்திட்டம் தேவையில்லை.

படங்களைத் தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். அது யார், என்ன என்பது மறந்து, இருட்டும் வெளிச்சமும் எங்கே கனக்கின்றன என்பது மட்டும் தெரியும். இன்னொரு அடையாளமும் உண்டு. முன்பு ஐந்து நிமிடத்தில் பதினைந்து படம் எடுத்த இடத்தில், இப்போது பத்து நிமிடம் நின்று நாலு எடுத்தால், எடுக்கும் முன்பே கண் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

தினமும் இன்ஸ்டாகிராமில் போடலாமா?

முதல் மூன்று மாதம் வேண்டாம் என்பேன். லைக் எதற்கு விழுகிறதோ அதையே மறுபடி எடுக்கத் தோன்றும். அஸ்தமன வானத்துக்கு எப்போதும் விழும். அதற்குப் பதிலாக, மாதம் ஒரு முறை ஒரே ஒரு நண்பரிடம் முப்பதையும் காட்டி, "எதை நீக்கிவிடலாம்?" என்று கேளுங்கள். "எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்வார்.

அப்படியானால் புதிய கேமரா எப்போதுதான் வாங்கலாம்?

நோட்டின் இரண்டாவது வரிகளை, அதாவது "என்ன கெட்டது" என்ற வரிகளை, வருடக் கடைசியில் ஒரேயடியாகப் படியுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இது நானா, கருவியா என்று குறியுங்கள். என்னுடையதில் கருவி என்று குறித்தவை மொத்தம் 19. அதில் பதினொன்று, மங்கிய வெளிச்சத்தில் வேகமாக அசையும் ஆட்கள்: மண்டபத்துக்குள் பரதம், இரவுக் கபடி. ஐந்து, உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் எட்டாத தூரத்துக் கொக்குகள். மீதி மூன்று பெரிதாக அச்சுப் போட முடியாமல் போனவை. அதுவும் கவனித்துப் பார்த்தால், 4000 x 3000 புள்ளிகள் உள்ள போன் படமே அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஏறக்குறைய 13 x 10 அங்குலத்துக்கு நன்றாக வரும். நான் கேட்டது அதைவிடப் பெரியது.

கொக்குகளை நான் விட்டுவிட்டேன். பரதமும் கபடியும் எனக்கு வேண்டும் என்று தோன்றியதால், பழைய கேமரா ஒன்றையும் மங்கிய வெளிச்சத்துக்கு ஏற்ற 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றையும் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஜூம் லென்ஸ் வேண்டுமா என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டார். தேவைப்படவில்லை.